இருபது ஸ்லைடும் நடுவில் விழும் பள்ளமும்

இன்ஸ்டாகிராம் 2024 ஆகஸ்டில் கரோசலின் வரம்பைப் பத்திலிருந்து இருபது ஸ்லைடாக உயர்த்தியது. நிறுவனர் கதை செய்யும் நம் தொழிலில் பலர் கூடுதல் இடத்தைப் பரிசுகளுக்கும் திறப்பு விழாப் படங்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். சறுக்கல் இரண்டாம் ஸ்லைடில், திருப்பம் மூன்றாவதில் என்ற பழைய அவசரம் அப்படியே இருக்கிறது. இது தவறு என்பதே இவ்விதழின் நிலை. புதிய இடம் சறுக்கலுக்கும் திருப்பத்துக்கும் நடுவே போக வேண்டும்.

அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் கதையை எடுத்துக்கொள்வோம். முடக்குவாதத்தால் 1948இல் ராணுவ மருத்துவப் பணி போயிற்று. மகப்பேறு மருத்துவராகும் எண்ணமும் போயிற்று. 1976இல், 58 வயதில் ஓய்வு பெற்று, மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். வழக்கமான கரோசல் 1948இலிருந்து 1976க்கு ஒரே ஸ்வைப்பில் தாவுகிறது. நடுவே 28 ஆண்டுகள் விழுந்துவிடுகின்றன. உண்மையான திருப்பம் அங்கேதான் இருக்கிறது: ஓராண்டுக்கு மேல் படுக்கை, கண் மருத்துவத்துக்கு மாறியது, கோணிய விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகியது, அரசுப் பணியில் ஆண்டுக்கணக்கான அறுவைச் சிகிச்சை. நான் பிரித்தால் அட்டைக்குப் பின் சறுக்கலுக்கு இரண்டு, இந்த நடுப்பகுதிக்கு ஐந்து, 1976க்கு ஒன்று, 11 படுக்கை எப்படிப் பெருகியது என்பதற்கு இரண்டு, பாடத்துக்கு ஒன்று. அட்டையோடு பன்னிரண்டு போதும். கத்தி பிடிக்கும் விரல்களுக்கு ஒரு ஸ்லைடு முழுவதும் வேண்டும். அதில் ஒரே வாக்கியம்.

நீளமானால் வாசகர் பாதியில் போய்விடுவார் என்பார்கள். நீளத்தால் மட்டும் யாரும் போவதில்லை. முடிவு மூன்றாவதிலேயே தெரிந்துவிட்டால் மேற்கொண்டு தள்ள அவருக்குக் காரணம் இல்லை. ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு கேள்வியைத் திறந்து வைத்து முடிய வேண்டும்: இந்த விரல்களோடு இவர் என்ன செய்யப்போகிறார்? பாட ஸ்லைடுக்கு ஒரு சோதனை உண்டு. நிறுவனர் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். ‘விடாமுயற்சி வெல்லும்’ யாருக்கும் பொருந்தும்; நீக்கிவிடுங்கள். ‘கட்டணம் தருபவரின் பணத்தில் தர இயலாதவருக்கும் அதே சிகிச்சை’ என்பது இவருக்கே உரியது.

நம் கையைக் கட்டுவது தளம் மட்டுமல்ல. புத்தொழில் திட்டங்களை நடத்தும் அரசு அலுவலகங்கள் கேட்பது பெரும்பாலும் ‘வெற்றிக்கதை’. ஒரு படம், ஒரு பத்தி, ஒரு வருவாய்க் கணக்கு. நின்றுபோன ஆண்டுகளை எழுத அவர்களின் படிவத்தில் கட்டமே இல்லை. மானியம் வேண்டுபவர் அவற்றை மறைக்கப் பழகுகிறார். பிறகு நம்மிடம் வந்தும் மறைக்கிறார். கோரிமேட்டில் ஜிப்மரைச் சுற்றி ஆய்வகமும் கிளினிக்கும் நடத்துவோருக்குக் கதை எழுதும் நண்பர்களே, முதல் சந்திப்பிலேயே அந்த ஆண்டுகளைக் கேளுங்கள். சொல்ல மறுத்தால், அந்தக் கரோசலைச் செய்ய வேண்டாம்.