படுக்கைக்கு ஒரே பொருள்

'படுக்கை' என்னும் சொல் படுக்கும் செயலையும் படுக்கும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கின் பணிகள் கொல்லயில் போன்ற எல்லையோர ஊர்களின் படுக்கையறைகளுக்குள் நுழைந்தபோது இவ்விரு பொருளும் பிரியத் தொடங்கின. கட்டிலை ஒட்டியே மேசை. முதுகு வலித்தால் மடிக்கணினி கட்டிலுக்கே ஏறிவிடும்.

விளைவை அறிய எளிய அடையாளம் உண்டு. கூடத்து நாற்காலியில் கண் சொக்குபவர், கட்டிலில் சாய்ந்ததும் விழித்துக்கொள்கிறார். உடல் அவ்விடத்தைப் பணியிடமாகக் கற்றுக்கொண்டுவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு பூட்சின் 1972இல் முன்வைத்த முறை இக்கற்றலை அழிக்க முயல்கிறது. தூக்கம் வந்தால் மட்டுமே படுக்க வேண்டும். ஏறத்தாழ 20 நிமிடத்தில் உறங்காவிடில் எழுந்து வேறிடம் சென்று, கண் சொக்கும்போது திரும்ப வேண்டும். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை, உத்தேசமே போதும். இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும், பகலுறக்கம் கூடாது.

முதற் சில நாள்களில் தூக்கம் குறையும். பலர் கைவிடுவது இங்கேதான். அந்நாள்களில் வண்டி ஓட்டுவோர்க்கு எச்சரிக்கை தேவை.

ஓரறை வீட்டில் வேறிடம் ஏது? பாய் புழங்கிய வீடுகளில் விடை இருந்தது. விடிந்ததும் பாயைச் சுருட்டினால் பகலில் படுக்கையே இல்லை. கட்டிலோ நாள் முழுதும் விரிந்து கிடக்கிறது. ஆகவே பகலில் மெத்தையைச் சுருட்டி வைப்பதும், இரவில் கணினியைத் துணியால் மூடி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி அதில் காத்திருப்பதும் தகும். மனவுறுதியை நம்புவதினும் இடத்தைப் பிரிப்பதே மேல்.