செலவுக் கணக்கில் ஏறாத செலவு

அவிநாசியில் ஒரு பின்னலாடைக் கூட்டாண்மை நிறுவனம் கூடுதலாகச் சேர்த்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் ஊதியம் தருவதாகக் கொள்வோம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜேஜேஏஏ பிரிவு, அதில் 30 விழுக்காட்டை, அதாவது 6 லட்சத்தை, வரிக்குரிய இலாபத்திலிருந்து மூன்றாண்டுகள் மேலும் கழித்துக்கொள்ள அனுமதித்தது. 30 விழுக்காடு வரியில் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் மிச்சம். இதே தொகையை மானியமாகக் கொடுத்திருந்தாலும் கருவூலத்தின் இழப்பு ஒன்றே. பொருளியலாளர்கள் இரண்டையும் ஒப்பிடுவது அதனால்தான்.

ஆனால் மானியத்திற்கு ஆண்டுதோறும் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். அதில் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு எங்கே என்று நாம் கேட்கலாம். சலுகைக்கு அக்கேள்வியே எழாது. நிதிநிலை அறிக்கையின் பிற்சேர்க்கையில் அது வெறும் மதிப்பீடு. வருங்கால வைப்பு நிதியில் சேர்க்கப்படாத பீஸ் ரேட் தொழிலாளியோ இந்தச் சலுகைக் கணக்கிலும் இல்லை.