அந்த நாற்பது வெள்ளி எங்கே போகிறது?

எங்கள் குடியிருப்பில் உள்ள படிவம் மூன்று மாணவி ஒருத்திக்கு வார இறுதியில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். 1,000 வெள்ளியை ஆண்டுக்கு 4 விழுக்காட்டில் பத்து ஆண்டுகள் சேமித்தால் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டேன். "1,080 வெள்ளி 24 சென்" என்றாள்.

இரண்டு சூத்திரங்களையும் சரியாகவே போட்டிருந்தாள். I = Prt தந்த விடை 400. MV = P(1 + r/n)^(nt) தந்த விடை 1,480.24. ஆனால் முதலாவது வெறும் வட்டி. இரண்டாவது முதலும் வட்டியும் சேர்ந்த மொத்தம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிட்டாள். தப்பு அவளுடையது மட்டுமல்ல. சூத்திரத்தை முதலில் கொடுத்து, கணக்கைப் பிறகு கொடுக்கும் நம் பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு என்பேன்.

சூத்திரங்களை மூடிவைத்துவிட்டு, இரண்டு சகோதரிகளைப் பற்றிப் பேசினோம். இருவரும் அதே 1,000 வெள்ளியை அதே வங்கியில், அதே 4 விழுக்காட்டில் நிரந்தர வைப்பில் போடுகிறார்கள். ஆண்டு முடிவில் ஆளுக்கு 40 வெள்ளி வட்டி. இதுவரை இருவருக்கும் ஒரு சென்கூட வித்தியாசமில்லை. அக்காள் அந்த 40 வெள்ளியை எடுத்து டப்பாவில் போட்டு வைக்கிறாள். தங்கை அதை வங்கியிலேயே விட்டுவிடுகிறாள்.

இரண்டாம் ஆண்டு அக்காளுக்கு மறுபடியும் 40. தங்கைக்கோ 1,040 வெள்ளிக்கு வட்டி, அதாவது 41 வெள்ளி 60 சென். அதிகமாக வந்த அந்த 1 வெள்ளி 60 சென், போன ஆண்டின் 40 வெள்ளிக்குக் கிடைத்த 4 விழுக்காடு. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. கூட்டுவட்டி என்பதே அந்த 1 வெள்ளி 60 சென்தான். மாணவர் அதைத் தன் கையால் எழுதிப் பார்க்கட்டும்.

பத்தாம் ஆண்டில் அக்காளிடம் டப்பாவையும் சேர்த்து 1,400, தங்கையிடம் 1,480.24. சரியான வித்தியாசம் 80 வெள்ளி 24 சென். "இவ்வளவுதானா?" என்று அவள் முகம் சுளித்தாள். நியாயம்தான், பத்து ஆண்டுக்கு அது பெரிய தொகை இல்லை. முப்பது ஆண்டுக்குக் கணக்குப் போடச் சொன்னேன். அக்காளுக்கு 2,200, தங்கைக்கு 3,243.40. வித்தியாசமே போட்ட முதலைத் தாண்டிவிட்டது. (வங்கி முப்பது ஆண்டும் அதே வட்டியைத் தராது, இது பாடத்துக்கான கணக்கு.)

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வட்டியைச் சேர்த்தால், அக்கா?" என்று கேட்டாள். அரையாண்டுக்கு 2 விழுக்காடு. முதலில் 20 வெள்ளி, பிறகு 20 வெள்ளி 40 சென். முதல் ஆண்டிலேயே 40 சென் கூடுதல். அதன் பிறகுதான் சூத்திரத்தைத் திறந்து, அதிலிருக்கும் n எதற்கு என்று காட்டினேன்.