எலி யார் கையில்?

1999-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஜாக் வெல்ச், தமது உயர் அதிகாரிகள் ஏறத்தாழ 500 பேருக்கு வியப்பூட்டும் உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தார். ஒவ்வொருவரும் இளைய ஊழியர் ஒருவரைத் தேடி, அவரிடம் இணையத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அது. அறுபது வயதைக் கடந்திருந்த வெல்ச்சும் ஓர் இளையவரிடம் மாணவரானார். மேலாண்மைத் துறையில் 'ரிவர்ஸ் மென்டாரிங்', அதாவது தலைகீழ் வழிகாட்டல், என்று வழங்கும் முறை பரவலாக அறியப்பட்டது அதன் பிறகுதான்.

வெளியிலிருந்து வரும் பயிற்சியாளரால் மென்பொருளைக் கற்பிக்க முடியும். அலுவலகத்தின் கணக்குகளை அவர் அறியமாட்டார். உடன் பணியாற்றும் இளையவர் இரண்டையும் அறிவார். இம்முறையின் பலம் இதுவே. வங்கி ஒன்றின் மண்டல அலுவலகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தவணை தவறிய கடன்களின் பட்டியலுக்காக மேலாளர் வாரந்தோறும் காத்திருக்கிறார். எக்செல் விரிதாளில் கிளை வாரியாகவும் நாள் வாரியாகவும் கணக்குகளை வடிகட்டும் முறையை இளம் அதிகாரி அவருக்குக் கற்றுத்தருகிறார். 60 நாள்களைத் தாண்டி 90 நாள்களை நெருங்கும் கணக்குகளை இனி மேலாளரே எந்த நேரத்திலும் பார்த்துக்கொள்ளலாம். அவை வாராக்கடன் ஆவதற்கு முன்பே கடன்தாரரை அணுகவும் முடியும்.

அந்தப் பாடத்திலேயே இளையவரும் ஒன்றைக் கற்கிறார். 90 நாள்களைக் கடந்த அனைத்தையும் அவர் வாராக்கடன் என்று குறித்திருப்பார். பயிர்க்கடனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று மேலாளர் திருத்துவார். குறுகிய காலப் பயிராயின் இரண்டு பருவங்கள், நீண்ட காலப் பயிராயின் ஒரு பருவம் தவணை நிலுவையில் இருந்தால்தான் அது வாராக்கடன் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கருவியை அறிந்தவரும் தொழிலை அறிந்தவரும் ஒரே திரையின் முன் அமர்வதால் மட்டுமே கிடைக்கும் பயன் இது.

இம்முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் புள்ளிவிவரங்களைச் சற்று எச்சரிக்கையுடனே அணுக வேண்டும். அமெரிக்க நிதிச் சேவை நிறுவனமான பெர்ஷிங்கில், வழிகாட்டிகளாக இருந்த முதல் அணியின் 77 இளைஞர்களில் 96 சதவீதத்தினர் வேலையை விட்டு விலகவில்லை என்பது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால், இத்தகைய பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் பொதுவாக நிர்வாகத்தின் கவனத்தைப் பெற்ற, ஈடுபாடு மிக்க ஊழியர்கள். வழிகாட்டும் வாய்ப்பு அவர்களைத் தக்கவைத்ததா, எப்படியும் அவர்கள் தங்கியிருப்பார்களா என்பதை, ஒத்த தகுதியுடைய மற்றவர்களோடு ஒப்பிடாமல் முடிவுசெய்ய இயலாது.

இம்முறை சீர்குலையும் இடங்களும் உண்டு. கற்பிப்பது மெல்ல மெல்ல ஏவல் வேலையாக மாறுவது முதலாவது. பாடம் நடக்கும்போது எலி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாலே இது புலப்பட்டுவிடும். 'நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள் தம்பி' என்ற சொல் வந்த நாளோடு கல்வி முடிந்துவிடுகிறது.

அடுத்த படி ஆபத்தானது. அவசரத்துக்கு மேலாளர் தமது கடவுச்சொல்லையே இளையவரிடம் சொல்லிவிடுகிறார். வங்கிப் பரிவர்த்தனையை ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும் என்ற ஏற்பாடு, தவறையும் மோசடியையும் தடுக்கும் வேலி. இரு கடவுச்சொற்களும் ஒரே கைக்குப் போனால் அந்த வேலி பெயரளவில் மட்டுமே நிற்கும். பின்னாளில் தணிக்கையில் பிழை தெரியவந்தால், உதவி செய்த இளையவரே முதலில் விசாரணைக்கு உள்ளாவார்.

மற்றொரு சிக்கல், கண்ணுக்குத் தெரியாத செலவு. வாரம் இரண்டு மணி நேரம் கற்பிப்பவருக்கு, அவரது வழக்கமான பணியில் அந்த இரண்டு மணி நேரம் குறைக்கப்படுவதில்லை. அவர் மாலையில் கூடுதலாக அமர்ந்து ஈடுசெய்கிறார். ஆதாயம் மேலாளருக்கு, செலவு இளையவருக்கு என்றாகிவிடுகிறது. தமது ஆண்டு மதிப்பீட்டை எழுதப்போகிறவரிடம் 'ஐயா, இதைச் சென்ற வாரமே சொன்னேனே' என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்?

எனவே, கற்பிப்பவரும் கற்பவரும் வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்தவர்களாக இருப்பது நல்லது. அப்போது பயிர்க்கடன் விதி போன்ற அன்றாட நுணுக்கங்களைப் பரிமாறிக்கொள்ளும் பயன் ஓரளவு குறையும். அச்சமின்றித் திருத்தும் உரிமைக்காக அந்த இழப்பை ஏற்கலாம். கற்பிக்கும் நேரம் பணிநேரக் கணக்கில் சேர வேண்டும். ஒரு அமர்வுக்கு ஒரு வேலை மட்டுமே, அதையும் மேலாளர் தம் கையாலேயே செய்து முடிக்க வேண்டும். கடவுச்சொல் எந்நிலையிலும் கைமாறக் கூடாது.

திட்டம் வென்றதா என்பதை அறிய நிறைவு விழாவும் சான்றிதழும் தேவையில்லை. மூன்று மாதங்களுக்குப் பிறகு, அந்த இளைஞர் விடுப்பில் இருக்கும் ஒரு திங்கள்கிழமையில், மேலாளர் தாமாகவே அந்தப் பட்டியலை எடுக்கிறாரா என்று பார்த்தால் போதும்.