திறந்த புத்தகத் தேர்வுக்கு முன் ஆசிரியர் பேசலாமா? குடிசார் பொறியியல் ஆசிரியர் மன்றத்தின் நிலைப்பாடு

வியாழக்கிழமை கல்விக்குழு கூடுகிறது. கான்கிரீட் வடிவமைப்புத் தாளுக்கான உள்தேர்வில் நம் சக ஆசிரியர் பேசிய பேச்சும், அதற்காக அவருக்குக் கொடுக்கப்பட்ட மெமோவும், ‘தேர்வறையில் விதிமுறைகளை வாசிப்பது தவிர வேறெதுவும் பேசக்கூடாது’ என்ற வரைவுச் சுற்றறிக்கையும் உறுப்பினர்கள் அறிந்தவையே. அவற்றை இங்கே முழுவதும் மறுபடி சொல்லப் போவதில்லை. கூட்டத்துக்கு முன் மன்றத்தின் கருத்து எழுத்தில் இருக்க வேண்டும் என்பதால் இந்த அறிக்கை.

திறந்த புத்தகத் தேர்வு தேவையா என்ற கேள்விக்குள் நாங்கள் நுழையவில்லை. சி.பி.எஸ்.இ. 2014இல் தொடங்கி 2017-18இல் கைவிட்ட முறையை இப்போது 9ஆம் வகுப்புக்கு மீண்டும் கொண்டுவருகிறது. அந்த விவாதம் அங்கே நடக்கட்டும். நம் துறையில் IS 456 நெறிநூலைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதுவது பழைய வழக்கம். சொந்தப் பிரதி இல்லாத மாணவர்களுக்கு நூலகப் பிரதி கிடைக்கவேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

மெமோவில் உள்ள குற்றச்சாட்டு ‘வினா தொடர்பான குறிப்பை வழங்கினார்’ என்பது. கேட்டவர்கள் நினைவிலிருந்து எழுதித் தந்ததை வைத்து, பேச்சின் முக்கியப் பகுதியைத் தருகிறோம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

“புத்தகத்தை இப்பவே திறக்காதீங்க. முதல்ல கேள்வியைப் படிங்க. கேட்டிருக்கிற பொருளை ஒரு கோட்டுப்படமா வரைங்க. சுமை எந்தப் பக்கத்திலிருந்து வருது, எங்கே பிடிச்சிருக்கு, வளைஞ்சா எப்படி வளையும்னு அந்தக் கோட்டை வளைச்சுப் பாருங்க. எந்தப் பக்கம் நீளுதோ அந்தப் பக்கம்தான் இழுவிசை. கம்பி அங்கே போகணும். இது தெரிஞ்சப்புறம் புத்தகத்தைத் திறங்க. போன வாரம் அஸ்திவாரக் கணக்கு பார்த்தோம். தூணுக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற ஃபுட்டிங்கை மண் கீழேயிருந்து மேலே தள்ளுது, அதனால அடிப்பக்கம் இழுபடுது, கம்பி அடியில போட்டோம். அடியில போடணும்னு ஞாபகம் வெச்சிருந்தா அது உங்களுக்கு உதவாது. ஏன் அடியிலன்னு தெரிஞ்சிருக்கணும். புத்தகம் எண்ணைத்தான் கொடுக்கும். எந்த எண் வேணும்னு கேக்கறது நீங்கதான்.”

இதைத்தான் விடைக்குறிப்பு என்கிறார்கள்.

வினாத்தாளில் வந்தது அஸ்திவாரம் அல்ல. வெளியே 1.2 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனித் தளம். மழை படும் இடம். மொத்தத் தடிமன் 135 மி.மீ.; 10 மி.மீ. கம்பி. முதன்மைக் கம்பி எங்கே வரும் என்று காரணத்துடன் காட்டச் சொன்னது முதல் பகுதி. கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி 30 மி.மீ. கீழே இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டது இரண்டாம் பகுதி.

ஃபுட்டிங்கும் பால்கனியும் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்டு நீண்டிருப்பவை. ஆனால் பால்கனியில் சுமை மேலிருந்து கீழே இறங்குகிறது. எனவே மேற்பக்கம் இழுபடுகிறது, கம்பி மேலே வரவேண்டும். பேச்சில் வந்த எடுத்துக்காட்டை அப்படியே எடுத்துக்கொண்டவர் கம்பியை அடியில் போட்டு, முதல் பகுதியிலேயே தவறியிருப்பார். கசிந்ததாகச் சொல்லப்படும் குறிப்பு, அதை நம்பிப் பார்த்து எழுதியவரைத் தவறான விடைக்கு அழைத்துச் செல்கிறது. இப்படி ஒரு கசிவை எங்கள் அனுபவத்தில் நாங்கள் பார்த்ததில்லை. மெமோவில் கையெழுத்திட்டவர் வினாத்தாளைப் படித்தாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது. (இந்த வாக்கியத்தை நீக்கலாம் என்று சில உறுப்பினர்கள் கருதினார்கள். நீக்கவில்லை.)

விடைத்தாள்களில் நடந்ததும் அதுதான். யார் புரிந்து எழுதினார், யார் பக்கத்தைப் பார்த்து இறக்கினார் என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்லை. ஓர் எண் போதும். நெறிநூல் ஃபுட்டிங்குக்குக் குறைந்தபட்சக் கவர் 50 மி.மீ. என்கிறது. மண்ணோடு ஒட்டியிருப்பதால் அவ்வளவு. மழை படும் பால்கனித் தளத்துக்கு, கடலோரமாக இல்லாதபட்சத்தில், 30 மி.மீ. எடுப்போம். 135இல் 30ஐயும் கம்பியின் பாதி விட்டம் 5ஐயும் கழித்தால் பயனுறு ஆழம் 100 மி.மீ. சில விடைத்தாள்களில் 80 என்று இருந்தது. 135 − 50 − 5. அஸ்திவாரக் கணக்கின் பக்கத்திலிருந்து 50 அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தத் தாள்களில் கம்பியும் அடியில்தான் இருந்தது. கூட்டல் கழித்தல் எதிலும் பிழை இல்லை. கட்டியிருந்தால் பால்கனி விழுந்திருக்கும்.

இரண்டாம் பகுதிக்கு விடை எந்தப் பக்கத்திலும் நேரடியாகக் கிடையாது. கம்பி 30 மி.மீ. இறங்கினால் ஆழம் 100இலிருந்து 70 ஆகிறது. தளத்தின் வளைவுத் தாங்குதிறன் கம்பியில் உள்ள விசையையும், அந்த விசைக்கும் கான்கிரீட்டின் அமுக்கு விசைக்கும் இடையிலுள்ள தூரத்தையும் பெருக்கினால் வருவது. கம்பி அதேதான், விசையும் அதேதான்; தூரம் மட்டும் சுருங்குகிறது. அமுங்கும் பகுதியின் அளவு மாறாததால், அந்தத் தூரம் 30 விழுக்காட்டுக்கும் சற்றுக் கூடுதலாகவே குறையும். மாடியிலிருந்து பார்க்கிற கட்டட உரிமையாளருக்கு இதில் எதுவும் தெரியாது. தளத்தின் தடிமன் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கும், கம்பியும் எண்ணிக்கை குறையாமல் இருக்கும். கான்கிரீட் போடும் முன் சேர் கம்பிகள் போதிய நெருக்கத்தில் நிற்கின்றனவா, மேல் கம்பியின்மீது நடக்கப் பலகை போட்டிருக்கிறதா என்று சைட்டில் பார்ப்பவர்தான் இதைத் தடுக்க முடியும். இந்தத் தேர்வை எழுதிய மாணவர்கள் இன்னும் இரண்டு ஆண்டுகளில் அந்த இடத்தில் நிற்பார்கள்.

கோட்டுப்படம் வரைந்து தொடங்கிய தாள்களில் பெரும்பாலானவை முதல் பகுதியில் சரியாக இருந்தன என்று மதிப்பிட்டவர்கள் சொல்கிறார்கள். பேச்சினால்தான் அப்படி ஆனது என்று நிரூபிக்க எங்களால் இயலாது, அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் மூன்று மணி நேரத் தேர்வில் முதல் அரைமணியைப் பக்கம் புரட்டியே கழிக்கிற மாணவரைக் கண்காணிப்புக்கு நின்ற எல்லோரும் பார்த்திருக்கிறோம். ‘முதலில் வரை, பிறகு திற’ என்ற சொல் அவருக்குத்தான். அதைத் தேர்வறையில் சொல்லாமல் வகுப்பில் சொல்லியிருக்கலாமே என்கிறது தேர்வுப் பிரிவு. வகுப்பிலும் சொன்னார், புத்தகம் கைக்கு வந்ததும் மறந்துவிடும் அறிவுரை அது.

ஆகவே மன்றத்தின் நிலைப்பாடு: தேர்வு நேரம் தொடங்கும் முன், வினாத்தாள் கொடுக்கப்படாத நிலையில், பாட ஆசிரியர் புத்தகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று பேச அனுமதி தொடர வேண்டும். அது எத்தனை நிமிடம் என்பதைத் தேர்வுப் பிரிவுடன் பேசி முடிவு செய்ய நாங்கள் தயார். எல்லா அறைகளிலும் ஒரே பேச்சு ஒலிபெருக்கியில் போகட்டும் என்ற யோசனையையும் பரிசீலிக்கலாம். எதிர் அறையில் எழுதியவர்களுக்கு அந்தப் பேச்சு கிடைக்கவில்லை என்ற புகாரில் நியாயம் உண்டு. பேச்சின் குறிப்பை முன்கூட்டியே துறைத் தலைவரிடம் கொடுப்பதற்கும் பெரும்பான்மை ஒப்புக்கொள்கிறது, சிறுபான்மையின் ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டுள்ளது.

மெமோ விஷயத்தில் சமரசம் இல்லை. அது வியாழக்கிழமைக்குள் எழுத்துமூலம் திரும்பப் பெறப்பட வேண்டும். சுற்றறிக்கை அப்படியே நிறைவேறினால், அடுத்த பருவத்துக்கான வடிவமைப்புத் தாளின் வினாக்களை நிர்வாகம் சுட்டும் ‘பாதுகாப்பான’ வடிவில், அதாவது புத்தகத்திலுள்ள கணக்கில் எண்ணை மட்டும் மாற்றி, அமைக்கும் பணியை எங்கள் உறுப்பினர்கள் ஏற்கமாட்டார்கள்.