பிழையையும் அச்சடிக்கும் எந்திரம்

தில்லியில் பருத்திப் படுக்கை விரிப்பு வாங்கப் போகிறவரின் காதில் ஒரு வாசகம் விழாமல் இராது. ஜன்பத் நடைபாதைக் கடையிலும் அது சொல்லப்படும். குளிரூட்டப்பட்ட விற்பனைக்கூடத்தில் விரிப்போடு கட்டித் தொங்கவிடப்பட்ட அட்டையிலும் அது அச்சிடப்பட்டிருக்கும். "சிறு குறைகளே கைவேலையின் அடையாளம்" என்பதே அவ்வாசகம். கேட்பதற்கு உழைப்பாளிக்கு மரியாதை செய்வது போலிருக்கிறது. உண்மையில் வாங்குபவர், உழைப்பவர் இருவரையுமே ஏமாற்றுவதற்கு இதைவிட வசதியான வாசகம் வணிகர்களுக்குக் கிடைத்ததில்லை.

முதலில், குறையை எந்திரத்தாலும் உண்டாக்க முடியும். மரக்கட்டை அச்சில் உருவான உண்மையான துணி ஒன்றை எடுத்து, அதைக் கணினியில் படமாக்கி, அதிலுள்ள மை சிந்தல், கட்டைகளுக்கு இடையே விழுந்த இடைவெளி, கோணல் ஆகிய அனைத்தையும் அப்படியே ரோட்டரி அச்சு உருளையில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த உருளை ஆயிரக்கணக்கான மீட்டர் துணியில் அதே குறைகளை அச்சடித்துத் தள்ளுகிறது. குறையைத் தேடி வாங்குபவருக்குக் குறை கிடைத்துவிடுகிறது, கைவேலைதான் கிடைப்பதில்லை.

இதை நெருக்கப் படங்கள் எளிதாகக் காட்டிக்கொடுத்துவிடும். ரோட்டரி அச்சில் வண்ணம் ஓர் உலோக உருளையின் நுண்துளைகள் வழியே துணியில் இறங்குகிறது. இத்தொழிலில் மிகப் பரவலாக வழங்கும் உருளையின் சுற்றளவு 64 சென்டிமீட்டர். ஆகவே துணியின் நீளவாக்கில் 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை உருளை தன்னையே மறுபடி எழுதிக்கொள்ள வேண்டும். விரிப்பில் கண்ணில் படும் ஒரு "குறையை", ஒரு பூவிதழ் மீது மற்றொன்று ஏறிய இடத்தை எடுத்துக்கொண்டால் போதும். அதன் அருகே அளவுகோல் வைத்துப் படமெடுத்து, அதே நேர்கோட்டில் 64 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு படமெடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். இதழ் ஏறிய அளவும் வண்ணம் கசிந்த வடிவமும் இரண்டிலும் ஒன்றாயிருந்தால் அது எந்திரம். 90க்கு 108 அங்குலம் உள்ள இரட்டைக் கட்டில் விரிப்பின் நீளம் ஏறத்தாழ 274 சென்டிமீட்டர்; அதில் அந்தக் குறை நான்கு முறையேனும் தலைகாட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மரக்கட்டையின் முனை சிதைந்திருந்தால் அந்தச் சிதைவும் ஒவ்வோர் அடியிலும் திரும்பத் திரும்ப விழும். அதைக் கண்டு அவசரப்பட்டு "எந்திரம்" என்று தீர்ப்பெழுதினால் உண்மையான தொழிலாளியின் துணியைப் போலி என்று தள்ளியதாகிவிடும். கட்டையின் சிதைவு திரும்ப வரலாம். இரண்டு அடிகளுக்கு நடுவே விழுந்த இடைவெளி திரும்ப வராது. அந்த இடைவெளி கட்டையில் இல்லை, கட்டையைத் தூக்கி வைத்த கையில் இருக்கிறது. ஓர் அடியில் வண்ணம் கனத்தும் அடுத்ததில் மெலிந்தும் இருப்பதும் அப்படியே. ஆக, பார்க்கவேண்டியது குறை இருக்கிறதா என்பதை அன்று. குறை மாறுகிறதா என்பதை.

சாங்கானேர், பக்ரு போன்ற இராஜஸ்தான் ஊர்களில் ஒரே பூவுக்குப் பல கட்டைகள் உண்டு. கோட்டுருவத்துக்கு 'ரேக்', பின்னணிக்கு 'கத்', உள்நிரப்புக்கு 'தத்தா' என்பன அவற்றின் பெயர்கள். நிரப்புக் கட்டை கோட்டுக்கு வெளியே சிறிது விலகி விழுவது இயல்பு. கையச்சில் அந்த விலகல் ஒரு பூவில் இடப்புறமாகவும் அடுத்த பூவில் மேற்புறமாகவும் இருக்கும். எந்திரத்தில் உருளைகள் தம்முள் விலகியிருந்தால், அந்த நீளம் முழுவதிலும் எல்லாப் பூக்களும் ஒரே திசையில் ஒரே அளவுக்கு விலகி நிற்கும், அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்களைப் போல. நெருங்கிப் படமெடுத்தால் இன்னொன்றும் தெரியும். மரக்கட்டை துணியில் அழுந்தும்போது வண்ணக்கூழ் விளிம்புக்குத் தள்ளப்படுவதால் ஓரம் அடர்ந்தும் உட்பகுதி சற்று வெளிறியும் இருக்கும். கட்டையின் மூலைகளில், அடுத்த அடியை எங்கே வைப்பது எனக் காட்டும் சிறு புள்ளிகளும் அகப்படலாம். திரை அச்சில் வண்ணம் தட்டையாகப் பரவியிருக்கும். டிஜிட்டல் அச்சில் உருப்பெருக்கினால் நுண்ணிய பல வண்ணப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்.

துணியைத் திருப்பிப் பார்த்தால் போதும், பின்புறம் வெளுப்பாயிருந்தால் எந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. இதை முழுதாக நம்பலாகாது. பிக்மென்ட் எனும் மேற்பூச்சு வண்ணத்தை மரக்கட்டையால் அடித்தாலும் அது துணியின் மேலேயே நிற்கும். சாயம் இயற்கையானதா, இரசாயனமா என்பதையும் எந்தப் படமும் சொல்லாது. அதற்குச் சோதனைக்கூடம்தான் வேண்டும்.

நெய்த கோலத்தை அச்சில் போலி செய்வது இதைவிடக் கொடுமையானது. போச்சம்பள்ளி இக்கத்தில் நூலைக் கட்டிச் சாயமேற்றிய பிறகே தறியில் ஏற்றுகிறார்கள். ஆகவே நூல் முழுதும் சாயம் ஊறியிருக்கும். போலியில் வெள்ளைத் துணியை நெய்துவிட்டு மேலே இக்கத் கோலத்தை அச்சடிக்கிறார்கள். ஓர் ஊசியால் ஊடை நூலைச் சற்று நகர்த்தி, அதன் அடியில் மறைந்திருந்த பாவு நூலைப் படமெடுத்தால் குட்டு வெளிப்படும். மூடியிருந்த இடம் வெள்ளையாக இருந்தால், அச்சடிக்கும் முன்பே அந்தத் துணி நெய்யப்பட்டுவிட்டது என்று பொருள்.

அச்சைவிட நெசவை அறிவது கடினம். சென்னிமலைக் கைத்தறிப் போர்வையையும் பானிப்பட்டு விசைத்தறி விரிப்பையும் கடைக்காரர் ஒரே அடுக்கில் வைத்துவிட்டால் தேர்ந்த கண்ணும் தடுமாறும். நாடா ஓடும் பழைய விசைத்தறியிலும் ஊடை நூல் ஓரத்தில் வளைந்து திரும்புகிறது, கைத்தறியிலும் அப்படியே. எனவே ஓரத்தில் நூல் வெட்டுப்பட்டுக் குஞ்சம் போல் நின்றால் அது நாடா இல்லாத நவீனத் தறி என்று உறுதியாகச் சொல்லலாமேயொழிய, வளைந்து திரும்பினால் கைத்தறிதான் என்று சொல்ல முடியாது.

உதவக்கூடியவை இரண்டு. நெய்யும்போது துணி சுருங்காதிருக்க அகலவாக்கில் விறைத்துப் பிடிக்கும் முள் கருவியின் தடம் முதலாவது. கைத்தறியாளர் சில அங்குலம் நெய்ததும் அதைக் கழற்றி முன்னே நகர்த்தி மாட்டுகிறார். ஆதலால் ஓரத்தை ஒட்டி முள்துளைகள் விட்டுவிட்டு, இடைவெளி மாறிமாறி இருக்கும். விசைத்தறியில் சுழலும் முள்வளையங்கள் இடைவிடாமல் துணியைப் பிடிப்பதால் தடம் தையல் போலத் தொடர்ச்சியாய் ஓடும். இரண்டாவது, ஊடையின் நெருக்கம். விசைத்தறி துணியைத் தானே சீராகச் சுருட்டிக்கொள்கிறது. கைத்தறியாளர் நிறுத்தி, கையால் சுருட்டி, மீண்டும் தொடங்குகிறார். அளவுகோல் வைத்து ஐந்தாறு இடங்களில் ஓர் அங்குலத்தின் ஊடைகளை எண்ணினால் கைத்தறியில் ஓரிரண்டு கூடிக் குறையும். படத்துக்கு விளக்கொளி பக்கவாட்டில் சாய்வாக விழவேண்டும்; நேரொளியில் நூலின் மேடு பள்ளம் மறைந்துவிடும். கைப்பேசிப் படத்தில் நெசவின் மேல் வானவில் போல் ஓடும் பட்டைகள் கருவியின் மாயம். அவற்றைச் சாயக் குறை என்று எண்ணிவிடக் கூடாது. கஞ்சி போட்டு அழுத்தித் தேய்த்த துணியிலோ பலமுறை துவைத்த துணியிலோ இவ்விரு அடையாளங்களும் மங்கிவிடும்.

இதெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் கலாரசனைப் பொழுதுபோக்கு, உழைக்கும் மக்களின் கட்சிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். கணக்கைப் பார்க்கட்டும். 15 சென்டிமீட்டர் சதுரக் கட்டையால் மேற்சொன்ன இரட்டைக் கட்டில் விரிப்பை நிரப்ப ஒரு வண்ணத்துக்கு ஏறத்தாழ 270 அடிகள். மூன்று வண்ணமென்றால் 810. ஒவ்வோர் அடிக்கும் கட்டையைத் தோய்த்து, பொருத்தி, கைமுட்டியால் குத்தி எடுக்கவேண்டும். ரோட்டரி எந்திரம் அதே நீளத்தைச் சில நொடிகளில் முடிக்கிறது. அந்த எந்திரத் துணி கையச்சு என்ற பெயரில் தில்லியில் விலைபோகும்போது, 810 அடிகளின் கூலி யாருடைய பைக்குப் போகிறது? அச்சுத் தொழிலாளிக்குமில்லை, எந்திரத்தின் முன்னே நிற்கும் தொழிலாளிக்குமில்லை. அதோடு, அந்தப் போலியின் விலையைச் சுட்டிக்காட்டியே உண்மையான கையச்சுக்காரரின் கூலியும் பேரம் பேசிக் குறைக்கப்படுகிறது.

'குறையே அழகு' என்ற வாசகத்தின் முழு வஞ்சகமும் தறியடியில்தான் புலப்படும். மாஸ்டர் நெசவாளரிடமோ வணிகரிடமோ துணியை ஒப்படைக்கும்போது நூல் அறுந்த இடத்துக்கும் கறைக்கும் கூலியில் பிடித்தம் செய்வது இத்தொழிலின் பழைய வழக்கம். அங்கே குறைக்கு அபராதம். தில்லியில் அதே குறைக்கு அலங்கார அட்டை. நெசவாளர் குறையில்லாமல் நெய்யவே பாடுபடுகிறார். தடுமாற்றத்தை அவருடைய கலை என்று கொண்டாடுவது அவருடைய தேர்ச்சியை இழிவு செய்வதாகும்.

விசைத்தறித் தொழிலாளியைப் பகைவனாகக் காட்டுவது மற்றொரு திசைதிருப்பல். பானிப்பட்டிலும் பில்குவாவிலும் தறியிலும் அச்சுமேசையிலும் நிற்பவர்களும் கூலி உழைப்பாளிகளே. பில்குவாவின் மேசைகளில் இருவர் சட்டத்தைத் தூக்கி வைத்து இழுக்கும் திரை அச்சும் கைவேலைதான். அதைத் திரை அச்சு என்றே விற்றால் யாருக்கும் இழிவில்லை. மோசடி பெயரில் இருக்கிறது. பெயரை ஒட்டுபவர் வணிகர்.

அரசு செய்வதென்ன? 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் முதலில் 22 வகைகள் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பின்னர் அவை 11 ஆகச் சுருக்கப்பட்டன. படுக்கை விரிப்பு இன்றும் அந்த 11இல் உள்ளது. 1985இல் இயற்றப்பட்டபோது அச்சட்டம் மீறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதித்தது. ஆனால் சட்டம் தறியில் உற்பத்தி செய்பவரைப் பிடிக்கிறதே தவிர, கடையில் கைத்தறி என்று பொய் சொல்லி விற்பவரைத் தொடுவதில்லை. சிறு விசைத்தறிக்காரர் அகப்படுவார். பெரிய வணிகர் அகப்படமாட்டார். 2006இல் கொண்டுவரப்பட்ட கைத்தறி முத்திரை, சோதிக்கும் சுமையை வாங்குபவர் தலையில் ஏற்றியது. கைத்தறி நெசவாளர்களின் குரலுக்கு ஓரளவேனும் இடமிருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை மோடி அரசு 2020 ஜூலையில் கலைத்தது. சில நாட்களிலேயே கைவினை வாரியத்தையும் கலைத்தது. அதே ஆகஸ்ட் 7 அன்று தேசியக் கைத்தறி நாள் வாழ்த்துகளும் வந்தன. நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தொழிலில் உள்ளனர். குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அப்போது மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின.

அளவுகோலும் கைப்பேசியும் ஊசியும் கொண்டு ஒரு வாடிக்கையாளர் கண்டுபிடிக்கக்கூடியதைச் சம்பளம் வாங்கும் ஆய்வாளர் கண்டுபிடிக்க முடியாதென்பதை ஏற்க இயலாது. கைத்தறி என்றோ கையச்சு என்றோ இணையத்தில் விற்பவர் எவராயினும், விற்கும் அந்தத் துணியின் முன்புறம், பின்புறம், ஓரம், 64 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்கள் ஆகியவற்றின் படங்களை அளவுகோலுடன் வெளியிடவேண்டுமென்று நெசவாளர் சங்கங்களும் கூட்டுறவுகளும் கோரலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தண்டனை வைத்திருக்கிறது. அதன்கீழ் புகார் கொடுக்க இப்படங்களே முதல் சான்றாகும்.