நாலு காகிதம், ஒரே கோப்பு

"வயசாச்சுல்லீங்க, அப்படித்தான் இருக்கும்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்பவர்களுக்கு அன்னூரில் அபராதம் போட வேண்டும் என்பேன். வீட்டுக்கு ஒருவராவது மாட்டுவார்கள். முதல் ரசீது எனக்குத்தான்.

போன சித்திரையில் என் மனைவி மத்தியான வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "ஏனுங்க, அந்த ஃபேனை நிறுத்துங்க" என்றாள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், எளிதில் குளிர் தாங்காத பெண்ணை 'ஃப்ரிலேஸ்' என்பார்கள். அந்தப் பெயரை வைத்துக் கேலி செய்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

முப்பது வருஷம் கோப்பு கட்டியவன் நான். ஆனால் வீட்டில் நாலு காகிதத்தை நாலு கோப்பில் போட்டுவிட்டேன். அசதியா? வயசு. ஒரே வருஷத்தில் ஆறு கிலோ எடையா? சோறு. குளிரா? சளி. நாடி நிமிஷத்துக்கு 50 துடிப்பா? அது பிரஷருக்குச் சாப்பிடும் அட்டனலால் மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக இருந்ததால், சேர்த்துப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை. மாத்திரை கொடுத்த மருத்துவருக்கும்தான்.

அட்டனலால் நாடியைக் குறைக்கும் என்பது உண்மை. ஆகவே வேறொரு மருத்துவர் முதலில் ஈ.சி.ஜி. எடுத்து, இதயத்தில் மின்தடை இல்லை என்று பார்த்துவிட்டு, அந்த மாத்திரையைப் பாதியாக்கினார். (அதை நாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது.) இரண்டு வாரம் கழித்து, காலையில் படுக்கையை விட்டு எழும்முன் கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிஷம் எண்ணினேன். 53. மாத்திரை மட்டும் காரணமென்றால் இன்னும் ஏறியிருக்க வேண்டுமே! அப்போதுதான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே ஊதல், கரகரத்த குரல், காய்ந்த தோல். தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிதான் உடம்பு எவ்வளவு வேகமாக எரிபொருளை எரிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அதன் சுரப்பு குறைந்தால் சூடு குறையும், குளிரும். இதயத்தின் தாளத்தை வைக்கும் இடமும் அதே உத்தரவுக்குக் காத்திருப்பதால் துடிப்பு மெதுவாகும். ஏறும் எடையில் பெரும்பங்கு கொழுப்பல்ல, தேங்கிய உப்பும் நீரும். ஒரே காரணம், நாலு காகிதம்.

டி.எஸ்.எச். என்பது என்ன? மூளைக்குக் கீழுள்ள பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் நினைவூட்டுக் கடிதம். கீழ் அலுவலகம் வேலை செய்யாவிட்டால் மேலிருந்து கடிதம் குவியும். எங்கள் ஆய்வகத்தில் 5-க்குள் இருக்க வேண்டியது அவளுக்கு 62. சுரப்பான டி4 அளவோ மிகக் குறைவு. சந்தேகத்துக்கே இடமில்லை.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், இதே நோய் முற்றிய 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தம்மா இன்னும் 28 வருஷம் வாழ்ந்தார். நமக்கோ ஆடு வேண்டாம், ஒரு சிறு மாத்திரை போதும். அதையும் வயசின் பேரால் வாங்காமல் இருக்கிறோம்.

எதிர்ப்பக்கத்து ஆட்களையும் விடப்போவதில்லை. டி.எஸ்.எச். 6, 7 என்று வந்ததுமே மாத்திரை கேட்டு நிற்பவர்களைச் சொல்கிறேன். வயது ஏற ஏற அந்த எண் சற்றுக் கூடுவது உண்டு. டி4 சரியாக இருக்கும் முதியவர்களுக்கு மாத்திரை கொடுத்ததில் அசதி குறையவில்லை என்று 2017-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. தேவைக்கு மேல் போனால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், எலும்பும் தேயும். நாடி குறைவதோடு மயக்கமோ கண் இருட்டலோ வந்தால் தைராய்டு முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

அவளுக்கு வயது 69 என்பதால், இதயம் அதிராமல் இருக்க 25 மைக்ரோகிராமில் தொடங்கினார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து 50, பிறகு 75. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் காபி கிடையாது. அதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. கால்சியம் மாத்திரை இரவுக்குப் போய்விட்டது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது.

ஐந்து மாதம் ஆகிறது. நேற்றுக் காலை நாடி 66. கம்பளி பீரோவுக்குள் போய்விட்டது. எடையில் மூன்று கிலோதான் குறைந்தது. மீதி மூன்று அரிசிம்பருப்புச் சாதத்தின் கணக்கு என்று சொன்னேன், இரண்டு நாளாக அவள் என்னிடம் பேசவில்லை.